குட்டை ஏன் ராத்திரியில் ஒளிர்கிறது? பாக்டீரியாக்களின் கோரம் சென்சிங் பற்றி என்னிடம் வந்த கேள்விகள்

தடாவுக்கும் சூளூர்பேட்டைக்கும் நடுவில் இறால் குட்டைகளுக்குத் தண்ணீர் பரிசோதனை செய்து கொடுக்கிறேன். படித்தது நுண்ணுயிரியல். பழவேற்காடு ஏரியைச் சுற்றி இருப்பவர்களில் பாதிப் பேர் தமிழில் கேட்பார்கள், பாதிப் பேர் தெலுங்கில். ‘ரொய்யல செருவு’ என்று ஆரம்பித்து ‘குட்டை’ என்று முடிப்பவர்களும் உண்டு. ஒளிரும் பாக்டீரியா பற்றி அவர்களும், பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

“அண்ணே, அமாவாசை ராத்திரியில குட்டைத் தண்ணி நீலமா மினுங்குது. ஏன்?”

இரண்டு காரணங்கள் இருக்கலாம். எது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு, விளக்கில்லாத அறைக்குக் கொண்டு போய் வையுங்கள். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை எதுவும் தெரியாது.

பிறகு டம்ளரைத் தொடாமல் பாருங்கள். தொடாமலே மங்கலாக, விடாமல், நீலப்பச்சையாக ஒளி வந்துகொண்டே இருந்தால் அது பாக்டீரியா. நம் பக்கத்துக் குட்டைகளில் பெரும்பாலும் விப்ரியோ ஹார்வேயி அல்லது அதன் நெருங்கிய சொந்தங்கள். தொடாதபோது இருட்டாக இருந்து, விரலால் கலக்கியதும் பொறிப்பொறியாகப் பளிச்சிட்டு அணைந்தால் அது பாக்டீரியா இல்லை, நாக்டிலூகா போன்ற ஒற்றைச் செல் உயிரிகள்.

செத்த இறாலையோ குஞ்சையோ அதே இருட்டில் வைத்துப் பாருங்கள். உடம்பே ஒளிர்ந்தால் சந்தேகமே வேண்டாம், பாக்டீரியாதான்.

“2019ல சென்னை பீச்சுல அலை நீலமா வந்துச்சே, அதுவும் இதேதானா?”

இல்லை. ஆகஸ்ட் 2019இல் திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கம் தெரிந்தது நாக்டிலூகா. அலை உடையும்போது ஒவ்வொரு செல்லும் தனித்தனியாகப் பளிச்சிடும். அது கூட்டத்தை எதிர்பார்ப்பதில்லை, உலுக்கினால் போதும். கீழே நான் சொல்லப்போவது கூட்டம் சேர்ந்தால் மட்டுமே ஒளிரும் உயிரியைப் பற்றி.

“கொஞ்சமா இருந்தா அந்த பாக்டீரியா ஏன் ஒளிர்றதில்ல? கொஞ்சமா ஒளிர்ந்துட்டுப் போகலாமே?”

ஒளி சும்மா வருவதில்லை. லூசிஃபெரேஸ் என்ற நொதியைச் செய்ய வேண்டும், அதற்கு எரிபொருளாக ஒரு கொழுப்பு ஆல்டிஹைடைச் செய்துகொண்டே இருக்க வேண்டும், ஆக்சிஜனையும் செலவழிக்க வேண்டும். கடலில் தன்னந்தனியாக மிதக்கும் ஒரு செல் இத்தனையும் செய்தாலும் அந்த ஒளியை எந்த மீனும் பார்க்காது. கோடிக்கணக்கில் ஒரே இடத்தில் சேர்ந்து ஒரே சமயத்தில் ஒளிர்ந்தால்தான் ஏதாவது நடக்கும்.

ஒளி மட்டும் இல்லை. வெளியே விடும் செரிமான நொதிகள், வழவழப்பான படலம், சில நச்சுகள் எல்லாம் இதே வகைதான். தனி ஆள் செய்தால் வீண். அதனால் பல பாக்டீரியாக்கள் ‘எத்தனை பேர் இருக்கிறோம்’ என்று பார்த்துவிட்டுத்தான் இவற்றைத் தொடங்குகின்றன. அதற்குப் பெயர்தான் கோரம் சென்சிங். கிராம சபையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ‘கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைப்பு’ என்பார்களே, அந்தக் கோரம்தான். அரசுத் தாள்களில் ‘குறைவெண் வரம்பு’ என்று இருக்கும். 1994இல் ஃபுக்வா, வைனன்ஸ், கிரீன்பெர்க் மூவரும் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் ‘தன்தூண்டல்’ என்ற பொருளில் வேறு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“சங்கத்துல செயலாளர் தலையை எண்ணுவாரு. இங்க யாரு எண்ணுறது?”

யாரும் எண்ணுவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான்.

ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன மூலக்கூறைச் செய்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அது தண்ணீரில் கரைந்து பரவிவிடும். செல்கள் குறைவாக இருந்தால் தண்ணீரில் அதன் செறிவும் குறைவு. செல்கள் பெருகப் பெருகச் செறிவும் ஏறும். ஒவ்வொரு செல்லிடமும் அந்த மூலக்கூறைப் பிடிக்கும் ஒரு ஏற்பி இருக்கிறது. செறிவு ஒரு அளவைத் தாண்டியதும் ஏற்பி நிரம்புகிறது, உள்ளே சுவிட்ச் விழுகிறது. செல் தெரிந்துகொள்வது தண்ணீரில் இருக்கும் செறிவை மட்டுமே. தலைக்கணக்கை நாம்தான் அதிலிருந்து ஊகித்துச் சொல்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விப்ரியோ ஃபிஷெரி என்ற இன்னொரு ஒளிரும் பாக்டீரியாவுக்கு வேண்டிய அளவு சுமார் 10 நானோமோலார். அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 6 லட்சம் கோடி மூலக்கூறுகள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரு பாக்டீரியாவின் உடம்பு எவ்வளவு? சுமார் ஒரு ஃபெம்டோலிட்டர், ஒரு மில்லிலிட்டரை ஒரு லட்சம் கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. அந்த அளவு இடத்தில் இதே செறிவு வர ஆறு மூலக்கூறு போதும்.

ஆறே மூலக்கூறு! அப்படியானால் ஒற்றைச் செல்லே ஆறு மூலக்கூறு செய்து வைத்துக்கொண்டு ஒளிர ஆரம்பித்துவிடலாமே? முடியாது, ஏனென்றால் செல்லின் சவ்வு இந்த மூலக்கூறைத் தடுத்து நிறுத்தாது. செய்த வேகத்திலேயே வெளியே கசிந்துவிடும். செல்லுக்குள்ளே செறிவு ஏற வேண்டுமானால் வெளியே உள்ள தண்ணீர் முழுவதிலும் ஏற வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 100 செல்தான் இருக்கிறது என்றால் ஒவ்வொன்றும் 6,000 கோடி மூலக்கூறு செய்து விட வேண்டும். நடக்காத காரியம். ஒரு கோடி செல் இருந்தால் ஒவ்வொன்றும் 6 லட்சம் விட்டால் போதும், அது நடக்கும். கசிவதால்தான் கணக்கு வேலை செய்கிறது. கசியாத மூலக்கூறாக இருந்தால் ஒவ்வொரு செல்லும் தன்னையே கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

“கூட்டம் மெதுவாத்தானே பெருகுது. ஒளி ஏன் திடீர்னு வருது?”

இரட்டிப்பாகப் பெருகுவதால். என் பரிசோதனைக் குடுவையில் நல்ல சத்துள்ள உப்புநீர்க் கரைசலில் ராத்திரி 9 மணிக்கு, மில்லிலிட்டருக்கு ஆயிரம் செல் வரும்படி விதைக்கிறேன் என்று வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. 2 மணிக்கு சுமார் 10 லட்சம். 3 மணிக்கு சுமார் 41 லட்சம். 4 மணிக்கு ஒரு கோடியே 64 லட்சம். எல்லை ஒரு கோடி என்றால் ஆறு மணி நேரம் இருட்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லாம் நடந்துவிடுகிறது.

ஃபிஷெரியில் இன்னொன்றும் சேரும். சுவிட்ச் விழுந்ததும் ஒளிக்கான மரபணுக்களோடு, அந்த மூலக்கூறைச் செய்யும் மரபணுவும் வேகம் பிடிக்கும். அதனால் எல்லையைத் தொட்டதும் செறிவு இன்னும் தூக்கிக்கொண்டு ஏறும். தயங்கி நிற்கும் செல்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

“இதை முதல்ல எப்படிக் கண்டுபிடிச்சாங்க?”

ஒரு குழப்பத்திலிருந்து. ஒளிரும் பாக்டீரியாவைப் புதுக் கரைசலில் விட்டால் செல்கள் உடனே பெருக ஆரம்பிக்கின்றன, ஆனால் ஒளி ஏறுவதில்லை. சில மணி நேரம் கழித்துத்தான் ஒளி பாய்ந்து ஏறுகிறது. புதுக் கரைசலில் ஏதோ தடைப்பொருள் இருக்கிறது, பாக்டீரியா அதைத் தின்று தீர்த்த பிறகு ஒளிர்கிறது என்று 1960களில் ஒரு விளக்கம் இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

1970இல் ஹார்வர்டில் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் ஒரு எளிய வேலை செய்தார்கள். ஒளிரும் அளவுக்கு நன்றாகப் பெருகிய குடுவையிலிருந்து செல்களை எல்லாம் நீக்கிவிட்டு, அந்தப் பழைய தண்ணீரை மட்டும் எடுத்தார்கள். அதைச் சேர்த்த கரைசலில் கொஞ்சம் செல்களை விட்டார்கள். அந்தக் கொஞ்சம் செல்களும் தங்கள் நேரத்துக்கு முன்பே ஒளிக்கான நொதியைச் செய்ய ஆரம்பித்தன. அப்படியென்றால் பழைய தண்ணீரில் ஏதோ ஒன்று கூடியிருக்க வேண்டும். கூட்டம் போன பிறகும் கூட்டத்தின் வாசனை தண்ணீரில் இருந்தது, புது ஆட்கள் அதை நம்பினார்கள்.

அந்த ‘ஏதோ ஒன்று’ என்னவென்று 1981இல் எபர்ஹார்டும் கூட்டாளிகளும் பிரித்துக் காட்டினார்கள். ஃபிஷெரியின் மூலக்கூறு ஒரு ஹோமோசெரின் லாக்டோன்: ஒரு சின்ன வளையம், அதில் ஆறு கார்பன் வால். இந்த வளையத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், புரோபயாட்டிக் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

கல்லூரிப் பிள்ளைகள் இந்தப் பரிசோதனையைச் செய்ய ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. வடிகட்டி சரியாக இல்லாமல் பழைய தண்ணீரில் சில ஆயிரம் செல் தப்பி வந்துவிட்டால் முடிவு உங்களை ஏமாற்றும். அந்தத் தண்ணீரை மட்டும் தனியாக ஒரு குழாயில் வைத்து, அதில் எதுவும் வளரவில்லை என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

“நம்ம குட்டையில வர்ற ஹார்வேயிக்கு உள்ள என்ன நடக்குது சார்? புத்தகத்துல அம்புக்குறியா இருக்கு, புரியல.”

அம்புக்குறியை விட்டுவிட்டு, ஒரு தொட்டியையும் மூன்று குழாய்களையும் நினைத்துக்கொள்வோம். தொட்டியில் நிரம்புவது பாஸ்பேட்.

ஹார்வேயி மூன்று வெவ்வேறு மூலக்கூறுகளை வெளியே விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் சவ்வில் ஒரு ஏற்பிப் பாதை. கூட்டம் இல்லாதபோது ஏற்பிகள் காலியாக இருக்கும். காலியாக இருக்கும் ஏற்பி சும்மா இருக்காது, பாஸ்பேட்டை உள்ளே ஏற்றிக்கொண்டே இருக்கும். மூன்று குழாயும் திறந்து ஒரே தொட்டியில் விழுவது மாதிரி, அந்தப் பாஸ்பேட் லக்ஸ்-யூ என்ற புரதத்தின் வழியாக லக்ஸ்-ஓ என்ற புரதத்துக்குப் போய்ச் சேரும். பாஸ்பேட் ஏறிய லக்ஸ்-ஓ ஐந்து சின்ன ஆர்.என்.ஏ.க்களைச் செய்யவைக்கிறது. ஒளியைத் தொடங்கிவைக்க வேண்டிய லக்ஸ்-ஆர் என்ற புரதத்துக்கான செய்தியை அந்தச் சின்ன ஆர்.என்.ஏ.க்கள் பிடித்து அழித்துவிடும். லக்ஸ்-ஆர் இல்லை, ஒளியும் இல்லை.

கூட்டம் சேர்ந்ததும் மூலக்கூறு வந்து ஏற்பியில் உட்காரும். உடனே அந்த ஏற்பி தலைகீழாக வேலை செய்ய ஆரம்பிக்கும்: பாஸ்பேட்டை ஏற்றுவதற்குப் பதில் உறிஞ்சி எடுக்கும். தொட்டி வற்றும். சின்ன ஆர்.என்.ஏ.க்கள் நிற்கும். லக்ஸ்-ஆர் சேரும். ஒளி வரும். அதாவது இங்கே கூட்டம் சுவிட்சைப் போடுவதில்லை, ‘வேண்டாம், வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த தடையை எடுத்துவிடுகிறது. ஒன்றிரண்டு முறை வாசித்தும் குழப்பம் வந்தால் இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: தனிமையில் பாஸ்பேட் ஏறும், கூட்டத்தில் இறங்கும்.

ஃபிஷெரியில் மூலக்கூறு நேராகச் செல்லுக்குள் போய் ஒரு புரதத்தோடு சேர்ந்து மரபணுவைத் தொடங்கும், இந்தத் தொட்டிக் கதை அங்கே முக்கியமில்லை. இரண்டுக்கும் லக்ஸ்-ஆர் என்ற ஒரே பெயரை வைத்துவிட்டார்கள், ஆனால் அவை வேறு வேறு புரதங்கள். தேர்வில் பாதிப் பேர் தவறு செய்வது இங்கேதான். இன்னொன்று: இந்த ஆராய்ச்சி நடந்த புகழ்பெற்ற ஆய்வுக்கூட இனத்தை இப்போது விப்ரியோ காம்பெல்லி என்று வகை மாற்றிவிட்டார்கள். பழைய கட்டுரையில் ஹார்வேயி, புதிதில் காம்பெல்லி என்று இருந்தால் மிரள வேண்டாம்.

“ஒரு மூலக்கூறு போதாதா, எதுக்கு மூணு?”

ஒன்று ஹார்வேயிக்கும் அதன் மிக நெருங்கிய சொந்தங்களுக்கும் மட்டும் புரியும் லாக்டோன். இன்னொன்று விப்ரியோ குடும்பத்தில் பலருக்குப் பொது. மூன்றாவது ‘ஆட்டோஇன்டியூசர்-2’, அதை எத்தனையோ வகைப் பாக்டீரியாக்கள் செய்கின்றன. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் வீட்டுப் பேச்சு, சொந்தக்காரர் பேச்சு, சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. செல் மூன்றையும் சேர்த்துக் கேட்கிறது, ஆகவே ‘எத்தனை பேர்’ என்பதோடு ‘யார் யார்’ என்பதும் ஓரளவு தெரிகிறது.

மூன்றாவது மூலக்கூறின் வடிவம் 2002இல் வெளியானது. ஹார்வேயியின் ஏற்பியில் உட்கார்ந்திருந்த அந்த மூலக்கூறில் போரான் இருந்தது. உயிரினங்களுக்குள் போரானுக்கு வேலை இருப்பது அபூர்வம். ஆனால் கடல் நீரில் லிட்டருக்கு 4.5 மில்லிகிராம் அளவில் போரான் இருக்கிறது, கடலில் வாழும் பாக்டீரியாவுக்கு அது கைக்கெட்டும் சரக்கு.

“குட்டைத் தண்ணியில எண்ணிப் பார்த்தா மில்லிக்கு ஒரு கோடியெல்லாம் வரவே இல்லையே. அப்புறம் எப்படி ஒளிருது?”

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் ஆரம்பாக்கம் பக்கத்தில் குட்டை வைத்திருக்கும் ஒரு அக்கா, அறிக்கையை வரிவரியாகப் படிப்பவர்.

நான் பாட்டிலில் எடுக்கும் தண்ணீர் குட்டையின் சராசரி. பாக்டீரியா சராசரியில் வாழ்வதில்லை. இறாலின் குடலில், ஓட்டின் மேல், மிஞ்சிய தீனியில், அடிச்சேற்றில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அங்கே ஒரு துளி இடத்தில் தண்ணீரில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு நெருக்கம் இருக்கலாம். அங்கே கோரம் சேர்ந்துவிடும். செத்த இறால் ஒளிர்ந்து, சுற்றியுள்ள தண்ணீர் இருட்டாக இருப்பது இதனால்தான்.

இது ஃபிஷெரியில் மிகத் தெளிவாகத் தெரியும். திறந்த கடலில் அது மில்லிலிட்டருக்கு நூறுகூட இருக்காது. ஹவாய்க் கடலில் ஒரு சின்னக் கணவாய் அதைத் தன் வயிற்றுப் பக்கம் உள்ள ஒளி உறுப்பில் வளர்க்கிறது. அந்த இடுக்கில் நெருக்கம் மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடிக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு விடியலிலும் கணவாய் அதில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியே தள்ளிவிடுகிறது. மிச்சம் இருப்பவை பகலில் பெருகி, இருட்டும் நேரத்துக்குக் கோரம் சேர்த்துவிடுகின்றன.

“அப்ப அது கூட்டத்தைப் பார்க்குதா, இடம் அடைச்சிருக்கான்னு பார்க்குதா?”

இரண்டையும் பிரிக்க அதற்கு வழியில்லை. மூலக்கூறு வெளியே ஓட முடியாத இடுக்கில் அடைபட்டால், குறைந்த எண்ணிக்கையிலேயே செறிவு ஏறிவிடும். 2002இல் ரெட்ஃபீல்ட் என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சுட்டிக்காட்டி, பாக்டீரியா முதலில் அளப்பது எண்ணிக்கையை அல்ல, ‘நான் விடுவது என்னைச் சுற்றித் தங்குகிறதா’ என்பதைத்தான் என்று வாதிட்டார். தங்கினால் விலை உயர்ந்த நொதிகளை வெளியே விடுவதும் வீணாகாது என்பது அவர் கருத்து. பிறகு மிகச் சின்னத் துளிகளுக்குள் ஓரிரு செல்லை அடைத்துப் பார்த்தார்கள். ஸ்டஃபைலோகாக்கஸில் ஒற்றைச் செல்லே கோரம் சேர்ந்ததுபோல் நடந்துகொண்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஓடும் தண்ணீரில் மூலக்கூறு அடித்துக்கொண்டு போய்விடும். ஏரியேட்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள பாக்டீரியாவும் குட்டை மூலையில் சேறு தங்கிய இடத்தில் உள்ள பாக்டீரியாவும் ஒரே எண்ணிக்கையில் இருந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. என்னைக் கேட்டால், மாதிரி எடுக்கும்போது மூலைச் சேற்றையும் சேர்த்து எடுங்கள் என்பேன்.

“காலேஜ்ல குடுவையில வளர்த்தோம். காலையில நல்லா ஒளிர்ந்துச்சு, சாயங்காலம் அணைஞ்சுபோச்சு. கோரம் கலைஞ்சிருச்சா?”

அணைந்த குடுவையைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் மேல்பரப்பிலிருந்து ஒளி அலை அலையாகக் கீழே இறங்கி, குடுவை முழுவதும் பளிச்சென்று எரியும். வைத்துவிட்டால் மறுபடி அடியிலிருந்து மங்கிக்கொண்டே வரும்.

லூசிஃபெரேஸ் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். செல்கள் நெருங்கிவிட்டால் இருக்கும் ஆக்சிஜனை மூச்சுக்கே தின்றுவிடும். நொதி தயாராக இருக்கிறது, கோரம் சேர்ந்தே இருக்கிறது, ஒளிக்கு மட்டும் காற்று இல்லை. நானும் படித்த காலத்தில் மூடியை இறுக்கி வைத்துவிட்டு, விதை கெட்டுப்போனது என்று இரண்டு நாள் வேலையைக் கீழே ஊற்றியிருக்கிறேன். மூடியைத் திறந்து குலுக்கியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும், அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

குலுக்கியும் வரவில்லை என்றால் சத்து தீர்ந்திருக்கலாம். தட்டில் வளர்ப்பவர்கள் மறுநாள் காலையிலேயே இருட்டறையில் பார்த்து, ஒளிரும் புள்ளிகளை எண்ணிவிடுங்கள். இரண்டாம் நாள் வரை விட்டால் நன்றாக வளர்ந்த புள்ளிகளும் மங்கிவிடும், கணக்கு குறைவாக வரும்.

“ஒளிர்ந்தா எறால் சாகும்னு அர்த்தமா?”

அப்படி நேராகச் சொல்ல முடியாது. ஒளிர்ந்தும் கெடுதல் செய்யாத இனங்கள் உண்டு, ஒளிராமலே கொல்லும் விப்ரியோக்களும் உண்டு. குஞ்சு பொரிப்பகத்தில் ஒளிரும் விப்ரியோ வந்தால் அது பெரிய ஆபத்து, லார்வாக்கள் கூட்டமாகச் சாகும். வளர்ந்த வனாமி இறாலில் நிலைமையைப் பொறுத்தது.

கோரம் சேர்ந்ததும் ஹார்வேயியில் எல்லாக் கெடுதலும் ஒன்றாகக் கூடுவதில்லை. புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி கூடுகிறது. ஆனால் இறாலின் செல்லுக்குள் ஊசி போல் நச்சைச் செலுத்தும் ஒரு அமைப்பு, கோரம் சேர்ந்ததும் அடங்குகிறது. காலராவை உண்டாக்கும் விப்ரியோவும் இப்படித்தான்: குறைவாக இருக்கும்போது குடலில் ஒட்டிக்கொண்டு நச்சு செய்யும், கூட்டம் பெருகியதும் அதை நிறுத்திவிட்டு வெளியேறப் பார்க்கும். ஆகவே ஒளியைக் கண்டால் ‘அங்கே எங்கேயோ நெருக்கமான கூட்டம் இருக்கிறது’ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இறாலின் குடல், கல்லீரல், தீனி எடுக்கும் அளவு, தீனி வைத்துப் பார்க்கும் செக் ட்ரேயில் மிச்சம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

“கடையில ஒரு புரோபயாட்டிக் பாக்கெட் குடுத்து, பாக்டீரியாவைக் கொல்லாது, பேச்சை நிறுத்திடும்னு சொல்றாங்க. உண்மையா?”

அடிப்படை உண்மை. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒரு குழு, பேசில்லஸ் வகை மண் பாக்டீரியா ஒன்றில் லாக்டோன் வளையத்தை அறுக்கும் நொதியைக் கண்டுபிடித்தது. மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன வளையம் அதுதான். வளையம் திறந்துவிட்டால் ஏற்பி அதை அடையாளம் காணாது. செல் உயிரோடு இருக்கும், தனியாக இருப்பதாக நினைக்கும்.

ஆனால் நம் குட்டையில் வைத்து யோசியுங்கள். ஹார்வேயி பேசும் மூன்றில் லாக்டோன் ஒன்றுதான். போரான் உள்ள மூலக்கூறை இந்த நொதி தொடவே தொடாது, விப்ரியோக்களின் பொது மூலக்கூறையும் தொடாது. ஒன்றை அடைத்தால் அந்த ஒரு ஏற்பி மறுபடி பாஸ்பேட்டை ஏற்றும், மற்ற இரண்டும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஒளி குறையும், முழுதாக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதோடு, இந்த வளையம் காரத் தண்ணீரில் தானாகவே திறந்துவிடும். தோராயமாகப் பி.எச். 7இல் பாதி அழிய ஒரு நாள் ஆகும், 8இல் இரண்டரை மணி நேரம், 9இல் கால் மணி. வெயிலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து கரியமில வாயுவை எடுப்பதால் பிற்பகலில் குட்டையின் பி.எச். 8.5க்கு மேல் போவது சகஜம். திறந்த தண்ணீரில் பாக்கெட் செய்ய வேண்டிய வேலையை மதிய வெயிலே ஓரளவு செய்துகொண்டிருக்கிறது. குடலிலும் சேற்றிலும் அப்படி இல்லை, அங்கே பி.எச். குறைவு. ஆகவே தீனியில் கலந்து குடலுக்குள் போகும் பேசில்லஸால் பலன் வர வாய்ப்பு அதிகம், தண்ணீரில் தூவுவதில் குறைவு. பேசில்லஸ் இடத்தையும் சத்தையும் பிடித்துக்கொண்டு விப்ரியோவை நெருக்குவதும் உண்டு. பலன் தெரிந்தால் அது பேச்சை நிறுத்தியதாலா, போட்டி போட்டதாலா என்று பாக்கெட் சொல்லாது.

“அதை எப்படிப் பரிசோதிக்கிறது?”

இரண்டு குடுவையில் ஒளிரும் விப்ரியோவை வளர்த்து, ஒன்றில் மட்டும் அந்தப் பேசில்லஸ் வளர்ந்த தண்ணீரை, செல்களை வடிகட்டிவிட்டு, சேர்க்க வேண்டும். மற்றதில் பேசில்லஸ் வளர்க்கப் பயன்பட்ட வெறும் கரைசலை அதே அளவு. இரண்டின் பி.எச்.சும் ஒன்றாக இருக்கட்டும், இரண்டையும் ஒரே வேகத்தில் குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றும் காரமும் உங்களை ஏமாற்றும். மணிக்கு ஒரு முறை ஒளியையும் செல் எண்ணிக்கையையும் சேர்த்தே எடுங்கள்.

ஒளி குறைந்து எண்ணிக்கையும் குறைந்தால் பாக்கெட்டில் இருப்பது வெறும் கிருமிக்கொல்லி போல வேலை செய்கிறது. எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருந்து ஒளி மட்டும் ஒன்றில் குறைந்தால் பேச்சில் கைவைத்திருக்க வாய்ப்பு உண்டு. உறுதிசெய்ய, கடையில் தூளாகக் கிடைக்கும் அதே லாக்டோனை வாங்கி அந்தக் குடுவையில் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். நொதியை அமுக்கும் அளவுக்கு அது சேர்ந்ததும் ஒளி திரும்பினால் அடைபட்டது அந்த வளையம்தான். திரும்பவில்லை என்றால் காரணம் வேறு, லூசிஃபெரேஸையே ஏதோ தடுத்துக்கொண்டிருக்கலாம். ஆரம்பாக்கம் அக்காவுக்காகச் சென்ற மாதம் ஒரு பாக்கெட்டில் இதைச் செய்தேன். ஒளியும் எண்ணிக்கையும் சேர்ந்தே குறைந்தன. அவர் மிச்சப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூலையில் தங்கிய சேற்றை முதலில் எடுத்தார்.